அந்த இரண்டு பக்கக் குறிப்பில் நான் எழுதாமல் விட்டவை

2024 ஏப்ரல் 3, புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். புது வேலையில் சேர்ந்து சரியாக ஏழு வாரம் ஆகியிருந்தது. திருப்பூரிலிருந்து போன். நான்கு வருடம் ஃப்ரீலான்ஸாக வேலை செய்து கொடுத்த டையிங் கம்பெனி ஓனர். எப்போதும் "ஏனுங் அம்மணி, சௌக்கியமா?" என்று தொடங்குகிறவர் அன்றைக்கு அதைக்கூடக் கேட்கவில்லை. "அம்மணி, ஒண்ணாந் தேதி போட்ட பில்லெல்லாம் போன வருசத்து நம்பர்ல போயிருக்குதுங். ஆடிட்டர் என்னைய வாங்கு வாங்குன்னு வாங்குறாரு. நீங்க எழுதிக் குடுத்தத வெச்சுத்தான தம்பி பண்ணுச்சு?" என்றார். எனக்குக் கை நடுங்கியது. பிப்ரவரியிலேயே அந்த வேலை முடிந்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

இதை எழுதுவதற்குக் காரணம், ஒரு புராஜெக்டை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது என்ன எழுத வேண்டும் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை. கோயம்புத்தூரில் கம்பெனியில் இருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாயால் சொல்லிவிட்டு எழுந்து போவோம். கோபியில் வீட்டிலிருந்தபடி தனியாளாக வேலை செய்யும்போது பக்கத்து நாற்காலியே கிடையாது. அதன் விலையை நான் கொடுத்தேன். எனக்குப் பின்னால் வந்த தம்பி என்னைவிட அதிகமாகக் கொடுத்தார்.

முதலில் அந்த சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பார்ட்டிகள் சாயம் போடாத கிரே துணியை லாட் லாட்டாக அனுப்புவார்கள். சாயம் போட்டுத் திருப்பி அனுப்பும்போது டெலிவரி சலான், அதாவது டிசி, போட வேண்டும். டிசியிலிருந்து இன்வாய்ஸ், இன்வாய்ஸிலிருந்து இ-இன்வாய்ஸ், இ-வே பில். இதோடு வாரச் சம்பளமும் உண்டு. சனிக்கிழமை சாயந்திரம் தொழிலாளர்களின் வங்கிக் கணக்குக்குப் பணம் போக, வங்கிக்கு ஒரு கோப்பு தயாராகும். லாரவெல், மைஎஸ்கியூஎல், ஒரே ஒரு வாடகை சர்வர். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் கம்பெனி இரவும் பகலும் ஓடும். விடிகாலை மூன்று மணிக்கும் வண்டி கிளம்பும். இந்த மூன்று மணிதான் பின்னால் வரப்போகிற கதை.

பிப்ரவரியில் எனக்கு முழுநேர வேலை கிடைத்தது. ஓனரிடம் சொன்னேன், ஆசீர்வாதம் பண்ணித்தான் அனுப்பினார். சரவணம்பட்டியில் இருக்கும் ஒரு தம்பியைப் பிடித்திருந்தார்கள், இரண்டு வருட அனுபவம், கெட்டிக்காரர். அவருக்காக இரண்டு பக்கத்துக்கு ஒப்படைப்புக் குறிப்பு எழுதினேன். எந்தெந்த டேபிள் எதற்கு, எந்தக் கோப்பில் எந்தத் திரை, எப்படி நிறுவுவது, பாக்கி வேலை நான்கு. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. இன்று அதைத் திறந்து பார்த்தால், அதில் இருந்த முக்கால்வாசி விஷயத்தை அந்தத் தம்பி சோர்ஸ் கோடைத் திறந்து அரை நாளில் தானே தெரிந்துகொண்டிருப்பார். கோடு சொல்லாத எதையும் நான் எழுதியிருக்கவில்லை.

என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். பழைய சர்வர் வாடகை அதிகம் என்று தம்பி மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் புது சர்வருக்கு மாற்றினார். மாற்றியது தப்பே இல்லை, நானே இரண்டு தடவை யோசித்த விஷயம்தான். குறிப்பில் எழுதியிருந்தபடி ஒவ்வொரு அடியாகச் செய்திருக்கிறார். திங்கட்கிழமை எல்லாம் ஓடியது. மூன்று நாள் பார்த்துவிட்டு, 20-ஆம் தேதி பழைய சர்வரை அழித்துவிட்டார்கள்.

அந்த வாரமே ஒரு அறிகுறி வந்திருக்கிறது. தினமும் காலை ஏழரை மணிக்கு, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், நான்கைந்து நிமிடம் சிஸ்டம் அப்படியே நின்றுவிடும். டிசி போடும் பையன் ஓனரிடம் சொல்ல, ஓனர் தம்பியிடம் சொல்ல, தம்பி ஏதோ டேட்டாபேஸ் கேள்வி மெதுவாக ஓடுகிறது என்று நினைத்து இரண்டு இரவு இன்டெக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். காரணம் அதுவல்ல. என் குறிப்பில் பேக்கப் எடுக்கும் கிரான் வரி இருந்தது, இரவு 2 மணிக்கு. தம்பி அதை அப்படியே புது சர்வரில் போட்டார். அந்த சர்வரின் கடிகாரம் யூடிசி. அங்கே 2 மணி என்றால் நமக்குக் காலை 7.30. போதாததற்கு, நான் எழுதியிருந்த mysqldump கட்டளையில் --single-transaction இல்லை. அது இல்லாவிட்டால் பேக்கப் முடியும்வரை டேபிள்களைப் பூட்டி வைத்துக்கொள்ளும், யாராலும் எதையும் சேமிக்க முடியாது. இரவு இரண்டு மணிக்கு டிசி போடுகிற ஆள் டீ குடிக்கப் போயிருப்பார் என்பதால் நான்கு வருடமாக அது யாருக்கும் தெரியவில்லை.

அதே கடிகாரம் இன்னொரு இடத்தில் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. 2020-இல் பழைய சர்வரை அமைத்த அன்று, நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றும் கட்டளை ஒன்றை அடித்தேன். ஒரே வரி. அடித்ததே எனக்கு ஞாபகமில்லை. அது எந்தக் கோப்பிலும் இல்லை, கிட்டிலும் இல்லை, அந்த மெஷினில் மட்டும் இருந்தது. அதை நம்பித்தான் டிசி தேதியை இப்படி எழுதியிருந்தேன்:

```php
$dc->dc_date = DB::raw('CURDATE()');
```

அதாவது தேதியை லாரவெல் தருவதில்லை, மைஎஸ்கியூஎல் தருகிறது. மைஎஸ்கியூஎல்லுக்குத் தனியாக நேரம் எதுவும் சொல்லாவிட்டால், அது சர்வரின் நேரத்தை எடுத்துக்கொள்ளும். சர்வர் யூடிசியில் இருந்தால், நம் நேரம் நள்ளிரவு 12-இலிருந்து காலை 5.30 வரைக்கும் CURDATE() முந்தைய நாளையே சொல்லும். ஆக மார்ச் 18-இலிருந்து ஒவ்வொரு ராத்திரியும், பன்னிரண்டு மணிக்கு மேல் போட்ட டிசி எல்லாம் முந்தைய நாள் தேதியில் போயிருக்கிறது. நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு அது உறுத்தவில்லை. அவர்களுக்கு விடியும்வரை நேற்றைய ஷிஃப்ட்தானே.

ஏப்ரல் 1 அன்றைக்குத்தான் அது வெளியே தெரிந்தது. ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக, மறுபடி வராததாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். இங்கே DY/23-24/04187 என்கிற மாதிரி ஓடும், ஏப்ரல் பிறந்ததும் DY/24-25/00001 என்று புதிதாகத் தொடங்கும். வருடத்தை முடிவு செய்வதும் அதே CURDATE() தான். அன்று விடிகாலை 12-இலிருந்து 5.30-க்குள் ஒன்பது இன்வாய்ஸ் போயிருக்கிறது. ஒன்பதும் மார்ச் 31 தேதியில், பழைய வருட எண்ணில். அரசாங்கத் தளத்துக்குப் போய், ஒவ்வொரு இ-இன்வாய்ஸுக்கும் அந்தத் தளம் தரும் ஐஆர்என் எண்ணும் வாங்கிவிட்டன. ஐஆர்என்னை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் உண்டு, ரத்து செய்தாலும் அதே எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. எனக்குப் போன் வந்தது மூன்றாம் தேதி பத்து மணிக்கு. நேரம் தாண்டிவிட்டது. இரண்டு பார்ட்டிகள், "எங்க கேட் நோட்டுல ஒண்ணாந் தேதி வந்த சரக்கு இது, போன வருசக் கணக்குல எப்படிங்க ஏத்துக்கறது?" என்று கேட்டுவிட்டார்கள். கடைசியில் ஆடிட்டர் சொன்னபடி ஒன்பதுக்கும் கிரெடிட் நோட் போட்டு, ஏப்ரல் தேதியில் புது இன்வாய்ஸ் போட்டோம். மார்ச்சுக்குள்ளேயே ஒரு நாள் பிசகியவற்றை அப்படியே விடச் சொன்னார்.

பிசகியவை எவை என்று கண்டுபிடித்த விதம் உங்களுக்கும் உதவலாம். நல்லவேளையாக created_at நேரத்தை லாரவெல்தான் எழுதுகிறது, அதன் அமைப்பில் Asia/Kolkata என்று இருந்தது. அதனால் இரண்டும் ஒத்துப்போகாத வரிகளைக் கேட்டாலே போதும்:

```sql
SELECT id, dc_no, dc_date, created_at
FROM delivery_challans
WHERE created_at >= '2024-03-17'
  AND dc_date <> DATE(created_at);
```

இருநூற்றுச் சொச்சம் வரிகள் வந்தன. இதில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கேள்வியை சர்வரின் நேரத்தைச் சரிசெய்வதற்கு முன்னால் ஓட்ட வேண்டும். created_at என்பது TIMESTAMP வகையாக இருந்தால், மைஎஸ்கியூஎல் அதை உள்ளே யூடிசியில் வைத்துக்கொண்டு, காட்டும்போது அப்போதைய நேர அமைப்புக்கு மாற்றிக் காட்டும். அவசரப்பட்டு முதலில் சர்வரை இந்திய நேரத்துக்கு மாற்றினால், அந்த இரண்டரை வாரத்து வரிகள் எல்லாம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும், எது எப்போது போட்டது என்பதே குழம்பிவிடும். நாங்கள் முதலில் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டோம். அப்புறம் சர்வர் நேரத்தை மாற்றி, மைஎஸ்கியூஎல்லையும் கிரானையும் நிறுத்தித் திரும்ப ஓட்டினோம். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் அவை பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு அந்த நாட்களின் created_at-இலிருந்து மட்டும் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தோம். கோடில் CURDATE() இருந்த இடத்தில் எல்லாம் now()->toDateString() போட்டோம், இனி சர்வர் எந்த ஊர் நேரத்தில் இருந்தாலும் தேதி மாறாது.

நான் இப்போது எழுதும் எந்த ஒப்படைப்புக் குறிப்பிலும் முதல் பக்கத்திலேயே இந்த மூன்று வரியும், அவை என்ன காட்ட வேண்டும் என்பதும் இருக்கும்:

```bash
timedatectl
mysql -e "SELECT @@global.time_zone, NOW();"
php artisan tinker --execute="echo now();"
```

மூன்றும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேறு எதையும் தொடக் கூடாது. இதைத் தவிர, அந்த மெஷினில் கையால் செய்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன். கிரான் யார் பெயரில் இருக்கிறது, எந்த போல்டருக்கு எந்த அனுமதி, பிஎச்பி அமைப்பில் என்ன மாற்றினேன், டொமைன் யார் பெயரில் யார் கார்டில் புதுப்பிக்கப்படுகிறது. (அந்த டொமைன் என் கார்டில்தான் இருந்தது. அது காலாவதியாகியிருந்தால் இன்னொரு கூத்து.) பழைய சர்வரின் கட்டளை வரலாற்றை history என்று அடித்து எடுத்துப் பார்த்தாலே பாதி ஞாபகம் வந்துவிடும். பிப்ரவரியில் எனக்கு அது தோன்றவில்லை.

இனி, இதைவிட எனக்கு வலித்த விஷயம். தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண்களை நான் என்கிரிப்ட் செய்து வைத்திருந்தேன், நல்ல எண்ணத்தில்தான். லாரவெல் அதற்கு .env கோப்பில் இருக்கும் APP_KEY என்ற சாவியைப் பயன்படுத்தும். என் குறிப்பில் நிறுவும் முறை என்று எழுதிய இடத்தில், எங்கும் வழக்கமாக இருக்கும் அந்த இரண்டு வரியை யோசிக்காமல் ஒட்டியிருந்தேன்:

```bash
cp .env.example .env
php artisan key:generate
```

புதிதாகத் தொடங்கும் புராஜெக்டுக்கு அது சரி. நான்கு வருட டேட்டா இருக்கும் புராஜெக்டுக்கு அது புது சாவி போட்டு, பழைய பூட்டைத் திறக்க முடியாமல் செய்கிற வேலை. தம்பி எழுதியபடியே செய்தார். எந்தப் பிழையும் வரவில்லை, ஏனென்றால் சாவி மாறிய அன்று யாரும் கணக்கு எண்ணைப் படிக்கவில்லை. சனிக்கிழமை, மார்ச் 23, சம்பளக் கோப்பு எடுக்கும்போது "The MAC is invalid." என்று நின்றது. அந்தச் செய்தியைப் பார்த்தால் அநேகமாக ஒரே காரணம்தான், எழுதிய சாவியும் படிக்கிற சாவியும் வேறு. தம்பிக்கு அது தெரிந்திருந்தது. பழைய சாவியைத் தேடினார். பழைய சர்வர் மூன்று நாளைக்கு முன்னால்தான் அழிந்திருந்தது. என்னிடம் கேட்டிருக்கலாம், ஆனால் நானும் ஒப்பந்தப்படி என் லேப்டாப்பிலிருந்து எல்லாவற்றையும் அழித்திருந்தேன். டேட்டாபேஸ் பேக்கப் நான்கு வருடத்துக்கு இருந்தது. சாவி இல்லாமல் அதில் இருந்த கணக்கு எண்கள் எதற்கும் உதவாது. பேக்கப்பில் டேட்டாபேஸ் மட்டும்தான் போனது, .env போகவில்லை. அதுவும் நான் அமைத்ததுதான்.

அறுபத்துநான்கு பேருக்கு அந்த வாரம் சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். ராத்திரி பத்து மணிவரை வரிசை நின்றதாகக் கேள்விப்பட்டேன். பிறகு மூன்று நாள் ஒவ்வொருவரிடமும் பாஸ்புக் வாங்கி, எண்களைத் திரும்ப ஏற்றினார்கள். சிலர் வடக்கே ஊருக்குப் போயிருந்தார்கள், பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். இது எல்லாம் நடந்தபோது நான் கோபியில் பச்சைமலைக் கோயிலுக்குப் போய்வந்துகொண்டு, ஒன்றும் தெரியாமல் இருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது. தம்பியிடம் "ஏன் அன்னைக்கே எனக்குப் போன் பண்ணல?" என்று கேட்டேன். "நீங்க வேலைய முடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டீங்களே அக்கா. திரும்பக் கூப்பிட்டா எனக்கு வேலை தெரியாதுன்னு ஓனர் நெனச்சுப் போடுவாருன்னு இருந்துட்டேனுங்க" என்றார். அதனால் இப்போது குறிப்பின் மேலேயே எழுதிவிடுகிறேன்: முதல் அறுபது நாள் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், இதற்கான பணம் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது, கூப்பிடுவது குறை இல்லை. ஓனரும் அதைப் படிக்கும்படி அவருக்கும் ஒரு பிரதி.

சாவியைப் பொறுத்தவரை நான் இப்போது செய்வது இது. குறிப்பில் சாவியை எழுதுவதில்லை, எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன். சாவியைத் தாளில் அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி ஓனர் கையில் கொடுக்கிறேன். எந்தெந்த டேபிளில் எந்தெந்த ஃபீல்டு இந்தச் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது என்று பெயர் சொல்லிக் குறிப்பில் இருக்கும். நிறுவும் முறையில் "key:generate ஓட்டக் கூடாது, பழைய APP_KEY-ஐ அப்படியே வைக்கவும்" என்று இருக்கும். சாவியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், லாரவெல் 11-இலிருந்து APP_PREVIOUS_KEYS என்று ஒரு வசதி உண்டு. பழைய சாவியை அதில் போட்டால், புதியதைக் கொண்டு எழுதும், பழையதைக் கொண்டும் படிக்கும். ஆனால் அதற்கும் பழைய சாவி கையில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 5 வெள்ளிக்கிழமையும் அடுத்த வாரம் இரண்டு நாளும் சம்பளமில்லா விடுப்பு போட்டு, காலை ஆறரைக்கு கோபியில் பஸ் ஏறித் திருப்பூர் போனேன். மேலே சொன்ன வேலையை எல்லாம் தம்பியோடு உட்கார்ந்து முடித்தேன். எனக்கு வரவேண்டிய கடைசித் தவணை ரூ.40,000. ஓனர், "இதுல எனக்கு எவ்வளவு போச்சுன்னு நீங்களே சொல்லுங் அம்மணி" என்று கேட்டார். என்னால் அந்தப் பணத்தைக் கேட்க முடியவில்லை, கேட்கவும் இல்லை. மூன்று நாள் சம்பளமும் போனது. தம்பிக்குப் போனது நான்கு ஞாயிற்றுக்கிழமையும், ஒரு மாதத்து நல்ல பெயரும்.

அங்கே இருந்தபோதுதான் பாக்கி வேலைகளைப் பற்றி நான் எழுதியிருந்த லட்சணத்தையும் பார்த்தேன். "இ-வே பில் வண்டி எண் மாற்றும் திரை – 80% முடிந்தது." இவ்வளவுதான். தம்பி இந்த ஒரு வரிக்கு நான்கு நாள் செலவழித்திருக்கிறார், ஏனென்றால் அந்த 80 சதவீதம் கிட்டில் ஒரு தனிக் கிளையில் இருந்தது, கிளையின் பெயர் test2. அவருக்கு அது தெரியவில்லை, புதிதாக எழுத ஆரம்பித்துவிட்டார். அதே வேலையை இரண்டாவது முறை இப்படி எழுதினேன்:

"வழியில் வண்டி ரிப்பேரானால் வேறு வண்டியில் சரக்கை மாற்றுவார்கள். அப்போது இ-வே பில்லின் பகுதி பி-யில் வண்டி எண்ணை மாற்ற வேண்டும். இப்போது டெஸ்பேட்ச் பையன் அரசாங்கத் தளத்தில் நேராகப் போய் மாற்றுகிறார், அதனால் அவசரமில்லை. கிளையின் பெயர் eway-vehicle. திரை முடிந்தது. சோதனைத் தளத்தில் எண் மாறுகிறது. மாறிய எண் நம் டேபிளில் சேமிக்கப்படவில்லை, அங்கேதான் நிற்கிறது. மாற்றியதற்கான காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பதா, டைப் அடிக்க விடுவதா என்று ஓனர் சொல்ல வேண்டும், பிப்ரவரி 2-இல் கேட்டேன், பதில் வரவில்லை. நான் தொடர்ந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் வேலை."

சதவீதத்தை இப்போது நான் எழுதுவதே இல்லை. எது ஓடுகிறது, எந்த இடத்தில் நிற்கிறது, யாருடைய பதிலுக்காக நிற்கிறது, செய்யாவிட்டால் யாருக்கு என்ன சிரமம் என்று எழுதினால், அடுத்தவர் எதை முதலில் எடுப்பது என்று அவரே முடிவு செய்துகொள்வார். ஓனர் கேட்டு, பேசி, வேண்டாம் என்று விட்ட வேலைகளையும் ஒரு பத்தியில் சேர்க்கிறேன். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே யோசனை புதிதாக வரும், புதியவர் அதே குழியில் இறங்குவார்.

பார்த்தால் தப்பு போலத் தெரிகிற கோடுக்கும் காரணம் எழுத வேண்டும். இன்வாய்ஸ் கணக்கிடும் இடத்தில் `if ($party->id === 47)` என்று ஒரு வரி இருந்தது. எந்த டெவலப்பர் பார்த்தாலும் முகம் சுளித்து அழித்துவிடத்தான் நினைப்பார். தம்பியும் அழிக்க இருந்தார், கிரெடிட் நோட் குழப்பத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. விஷயம் இது. சாயக் கூலியை எல்லாப் பார்ட்டிக்கும் உள்ளே வந்த கிரே எடைக்குப் போடுவார்கள். 47-ஆம் பார்ட்டிக்கு மட்டும் திரும்பிப் போகும் எடைக்கு. 500 கிலோ வந்து, பிராசஸ் லாஸ் போக 475 கிலோ போனால், கிலோ 90 ரூபாய் கூலியில் மற்றவர்களுக்கு 45,000, இவருக்கு 42,750. இது ஓனரும் அவரும் ஒரு கல்யாண வீட்டில் பேசிக்கொண்டது, எழுத்தில் எங்கும் கிடையாது. எனக்கு டெஸ்பேட்ச் மேனேஜர் போனில் சொன்னார், நான் கோடில் போட்டேன். அந்த வரியை எடுத்திருந்தால் லாட்டுக்கு 2,250 ரூபாய் அதிகமாகப் போய், பல வருடப் பார்ட்டியோடு மனஸ்தாபம் வந்திருக்கும். இப்போது அந்த விதி பார்ட்டி டேபிளில் ஒரு ஃபீல்டாக இருக்கிறது, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது.

இரண்டாவது குறிப்பு பதினொரு பக்கம் வந்தது. அதை எழுதியதைவிட, சோதித்த விதம்தான் எனக்குப் பயன்பட்டது. கடைசி நாள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு காலி சர்வரை எடுத்து, தம்பியிடம் குறிப்பை மட்டும் கொடுத்தேன். "இதை வெச்சு மட்டும் ஓட வெய்யுங்க தம்பி, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன், வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். முந்தைய நாள் பேக்கப்பை ஏற்றி, ஒரு டிசி, ஒரு இன்வாய்ஸ், ஒரு சம்பளக் கோப்பு எடுக்க வேண்டும். அரசாங்கத் தளத்துக்குப் போகிற பகுதிக்குச் சோதனைக் கணக்கு. அவர் தயங்கி நின்ற ஒவ்வொரு இடத்தையும், என்னைத் திரும்பிப் பார்த்த ஒவ்வொரு தடவையையும் நோட்டில் குறித்தேன். இருபத்துமூன்று வந்தது. எனக்கு அற்பமாகத் தோன்றியவைதான் அதில் பாதி. பேக்கப் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் உண்டு என்பதை எழுத மறந்திருந்தேன், அங்கே மட்டும் அரை மணி நேரம். இருபத்துமூன்றையும் அன்று சாயந்திரமே குறிப்பில் சேர்த்தோம். பழைய சர்வரை இந்தச் சோதனை முடிந்து, ஒரு முழு மாதக் கணக்கும் ஒரு சனிக்கிழமைச் சம்பளமும் ஓடிய பிறகே அழிக்க வேண்டும் என்று குறிப்பின் கடைசி வரியாக எழுதினேன்.

இந்த வேலைக்குப் பணம் கேட்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். முதல் குறிப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இலவசமாக, அவசரமாக எழுதினேன். அதனால்தான் அது அப்படி இருந்தது. இப்போது சிறு வேலை ஏதாவது எடுத்தாலும் ஒப்பந்தத்தில் ஒப்படைப்புக்கு ஐந்து நாள் கூலி தனியாகப் போடுகிறேன். இரண்டு நாள் எழுத, ஒரு நாள் காலி சர்வர் சோதனை, இரண்டு நாள் பின்னால் வரும் அழைப்புகளுக்கு. ஒருவர் மட்டும் "எதுக்குங் அது?" என்று கேட்டார். அவருக்கு அந்த அறுபத்துநான்கு பாஸ்புக் கதையைச் சொன்னேன், மறுபேச்சு பேசாமல் ஒப்புக்கொண்டார்.

2025 மார்ச் 31 ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலை என்னுடையது இல்லை, ஆனாலும் வரவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர் அன்று ராத்திரி கம்பெனியிலேயே தங்கியிருந்திருக்கிறார். வண்டியில் ஏறப்போகிற ரோல்களின் மேல் வைத்து எடுத்த முதல் இன்வாய்ஸ், தேதி 01-04-2025, எண் DY/25-26/00001. கீழே, "அக்கா, ஓனர் உறைய இன்னும் பீரோவுலதான் வெச்சிருக்காருங்க, இன்னைக்கு எடுத்துப் பாத்துட்டேன்" என்று எழுதியிருந்தார்.